வாடகையைக் குறைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், பார்ப்போம்

திருப்பூரில் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டின் கணக்கும் நிர்வாகமும் என் தலையில்தான். ஆர்டர் வரும், நாங்கள் தைத்து, செக்கிங் முடித்து, பேக் செய்து அனுப்புவோம். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு கன்சல்டன்ட் வந்து, இனிமேல் 'ஃபிளெக்சிபிள் பட்ஜெட்', பீஸ் எண்ணிக்கையைப் போட்டால் போதும், செலவெல்லாம் தானாகவே மாறிக்கொள்ளும் என்று ஒரு எக்செல் ஷீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குத் தலைவலி.

போன மாதம் 50,000 டி-ஷர்ட் என்று திட்டம். நூல், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி எல்லாம் பீஸுக்கு 5 ரூபாய், டைலர்களுக்கு பீஸ் ரேட் 16 ரூபாய். கட்டட வாடகை 1,20,000. சூப்பர்வைசர், செக்கிங், ஆபீஸ் ஆட்களுக்கு மாதச் சம்பளம் 2,80,000. கரண்ட் 1,00,000. மொத்தம் 15,50,000, அதாவது பீஸுக்கு 31 ரூபாய். ஆர்டர் சுருங்கிப் போய் 40,000 பீஸ்தான் தைத்தோம். செலவானது 13,20,000. ஷீட் என்ன சொல்கிறது தெரியுமா? 12,40,000தான் ஆகியிருக்க வேண்டுமாம், நான் 80,000 ரூபாய் அதிகமாகச் செலவு செய்துவிட்டேனாம்! எழுத்தில் விளக்கம் கொடு என்று முதலாளியிடமிருந்து வாட்ஸ்அப்.

வயிற்றெரிச்சலோடு ஷீட்டைத் திறந்து வாடகை வரியைக் கிளிக் செய்தேன். இருந்தது இதுதான்:

```
=B7*$F$2/$F$1
```

F1 திட்ட பீஸ், F2 தைத்த பீஸ். அதாவது 40,000 பீஸ் தைத்தால் வாடகை 96,000 ஆகிவிடும்! கட்டட ஓனரிடம் போய் இந்த மாதம் ஆர்டர் கம்மி, 24,000 குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கச் சொல்கிறாரா அந்த மனுஷன்? சம்பள வரியும் அதே லட்சணம். சூப்பர்வைசர் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டிக் கணக்கில் காட்டுகிறது, அவருக்குத் தெரிந்தால் நாளைக்கே அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார். கரண்ட் மட்டும் இரண்டுங்கெட்டான், அதில் 40,000 ஃபிக்சட் சார்ஜ், மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாங்கி வைத்த லோடுக்குக் கட்டியே ஆக வேண்டும். மீதிதான் ஓட ஓட ஏறுவது, பீஸுக்கு 1.20 என்று வரும். அந்த வரியில் இருக்க வேண்டியது இது:

```
=40000+1.2*$F$2
```

இப்படி மாறுவதை மட்டும் மாற்றி, மாறாததை அப்படியே விட்டுப் போட்டுப் பார்த்தால் 40,000 பீஸுக்கு நியாயமான செலவு 13,28,000. நான் 8,000 ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறேன். திட்டத்தைவிட 2,30,000 குறைந்ததில் 2,22,000 ஆர்டர் குறைந்ததால் தானாகக் குறைந்தது, அதற்கு நான் காலரைத் தூக்கிக்கொள்ளவில்லை. அந்த எட்டாயிரம்தான் எங்கள் ஆட்கள் பார்த்துப் பார்த்துச் செய்தது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டத்தானே ஐயா இந்த பட்ஜெட்டே!

இதைவிடக் கொடுமை அதற்கு முந்தின மாதம். அதே திட்டம், தைத்தது 60,000 பீஸ், செலவு 18,30,000. ஷீட் கணக்கில் 18,60,000 வரை போகலாம், ஆகவே 30,000 மிச்சம், முதலாளி எல்லோர் முன்னாலும் பாராட்டினார். சரியாகப் போட்டால் 17,72,000தான் வருகிறது, 58,000 ரூபாயைக் கோட்டை விட்டிருக்கிறோம். எங்கே போனது என்று எனக்குத் தெரியும், அவசரத்தில் தைத்து ஆல்டர் ஆகித் திரும்பி வந்த பீஸ்களுக்கு மறுபடி நூல், மறுபடி கூலி, ஈரத்தில் வைத்துக் கெட்டுப்போன அட்டைப்பெட்டிக்குப் பதில் புதுப் பெட்டி. வீணடித்த மாதம் கைதட்டல், சிக்கனமாக இருந்த மாதம் விளக்கக் கடிதம்.

ஃபார்முலாவைத் திருத்தினாலும் தீர்ந்துவிடாது, அதுவும் தெரியும். ரவுண்ட் நெக்கும் போலோவும் இந்த ஷீட்டுக்கு ஒரே பீஸ்தான். காலர், பட்டன் பட்டி வைத்த போலோவுக்கு மெஷின் நேரம் ரவுண்ட் நெக்கைவிட எவ்வளவோ அதிகம், கூலியும் கரண்டும் அதோடு ஏறும். போலோ ஆர்டர் வந்தால் பீஸை விட்டுவிட்டுத் தையல் நிமிடத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். அப்புறம் 70,000 பீஸ் என்று வந்தால் இன்னொரு லைன், இன்னொரு சூப்பர்வைசர், மாறாது என்று சொன்ன சம்பளமே அங்கே ஒரு படி ஏறிவிடும்.

உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒரு ஷீட் இருந்தால், பட்ஜெட் தொகையைப் பீஸால் வகுத்துப் பாருங்கள். எல்லா மாதமும் ஒரே ரூபாய் வந்தால் உங்களுக்கும் அதே கன்சல்டன்ட்தான் வந்து போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கக் கடிதம் கொடுத்துவிட்டேன். எழுத்து நாலே வரி, கூடவே 1,20,000க்கான வாடகை ரசீதின் நகல். இன்னும் பதில் இல்லை.