பொட்டு வெச்ச கம்ப்ரசரை மாத்தச் சொல்லி ஒரு வாழ்த்து

ஆயுத பூஜைக்கு எங்க ஆபீஸ்ல இருந்து என் பேர்ல ஒரு கஸ்டமருக்குப் போன மெயிலை நேத்து ஸ்க்ரீன்ஷாட்டா போட்டிருந்தேன். அதுக்கு இன்பாக்ஸ்ல வந்து "இதுல அப்படி என்ன தப்பு?"ன்னு கேட்டவங்களுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கோங்க.

அம்பத்தூர் எஸ்டேட்ல அந்த அண்ணன் பட்டறை வெச்சிருக்கார். எங்ககிட்ட கம்ப்ரசர் வாங்கலாமான்னு 11 மாசமா பேசிட்டிருக்கார். ஏப்ரலுக்கு மேலதான் பணம் புரளும்னு அவரே சொல்லிட்டார். ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவருக்கு நாலு வரி எழுதினேன். "அண்ணே, ஆயுத பூஜை வாழ்த்துகள். இந்த வருஷம் புது லேத்துக்கும் சேர்த்துப் பொட்டு வெப்பீங்க. வீட்ல எல்லாரையும் கேட்டதா சொல்லுங்க." கீழ என் பேர், போன் நம்பர். அவ்வளவுதான்.

அது போகல. "எல்லாருக்கும் மொத்தமா ஒண்ணு போகுது, தனியா வேணாம்"னு ஆபீஸ்ல நிறுத்திட்டாங்க. போனது வேற. "டியர் கே"ன்னு ஆரம்பம். நம்ம ஊர்ல இனிஷியல் முன்னாடி வரும், பேர் பின்னாடி வரும். சாஃப்ட்வேர் முதல் எழுத்தையே பேர்னு எடுத்துக்கிச்சு. அடுத்து ஒரு பெரிய விளக்குப் படம். அதுக்குக் கீழ, "இந்த நன்னாளில் உங்கள் பழைய கம்ப்ரசருக்கு ஓய்வு கொடுங்கள்! 15 நிமிடம் பேசலாமா?" கடைசில என் பேர். என் பேர்!

அவர் அனுப்பின பதில்: "தம்பி, பூசணிக்காய் உடைச்சுட்டு வந்து மெயிலைப் பார்த்தேன். இப்பதான் அதுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சேன். நீங்க அதைத் தூக்கிப் போடச் சொல்றீங்க."

இதுல என்ன தப்புன்னா கேக்கறீங்க?

வாழ்த்து வேற, விலை பேசறது வேற. ரெண்டையும் ஒரே கவர்ல போடாதீங்க. அடையாளம் கண்டுபிடிக்கறது ரொம்பச் சுலபம். மெயில்ல இருந்து வாழ்த்து வரியை மட்டும் எடுத்துப் பாருங்க. மிச்சம் ஒரு மெயிலா நிக்குதுன்னா அது விற்பனைக் கடிதம், மேல வாழ்த்தைத் தடவியிருக்கீங்க. என் நாலு வரில வாழ்த்தை எடுத்தா ஒண்ணும் தேறாது. அதுல கேள்விக்குறியே கிடையாது, அதையும் கவனிங்க. கேள்வி கேட்டா பதில் சொல்ற வேலை அவர் தலையில விழுது. பூஜை அன்னிக்கு எதுக்கு அவருக்கு அந்த வேலை?

"நீ மட்டும் என்ன, விக்கத்தானே வாழ்த்தற?" ஆமாம், விக்கத்தான் போறேன். மறைக்கல. எங்கப்பா பெரம்பூர்ல சின்னதா லேத் பட்டறை வெச்சிருந்தார். பாரிமுனையில இருந்து ஒரு பேரிங் கடைக்காரர் வருஷா வருஷம் பொங்கல் வாழ்த்து அட்டை அனுப்புவார். கரும்பு, பானை, மாடு போட்ட அட்டை. பின்னாடி கையெழுத்து மட்டும் இருக்கும், கடை முத்திரை கூட இருக்காது. அப்பா அதைக் காலண்டர் ஆணியில சொருகி வெப்பார். பேரிங் போனா நேரா அவர் கடைக்குத்தான் போவார். அவரும் வியாபாரிதான். ஆனா அட்டையில வியாபாரம் பண்ணல.

"400 பேருக்குத் தனித்தனியா எழுத முடியுமா?" முடியாது. நான் 30 பேருக்கு எழுதறேன். மிச்சப் பேருக்கு ஒண்ணும் அனுப்பறதில்ல. வாழ்த்து வரலைன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் என்கிட்ட கோச்சுக்கல. பேரை வெச்சு மதத்தை ஊகிச்சும் அனுப்பறதில்ல. அவங்களே எந்தப் பண்டிகையைப் பத்திப் பேசினாங்களோ, அதுக்கு மட்டும்தான். சித்திரை 1 பக்கமே போக மாட்டேன். புத்தாண்டு தையா சித்திரையான்னு 2008ல ஒரு சட்டம் போட்டு 2011ல அதை எடுத்தாங்க. அந்தச் சண்டை இன்னும் ஓடுது, நமக்கெதுக்கு?

"நெறைய பேர் திறந்து பார்த்திருக்காங்களே"ன்னு மீட்டிங்ல ஒரு கிராஃபைக் காட்டினாங்க. ஐபோன் மெயில்ல 2021ல இருந்து ஒரு வசதி இருக்கு. அதை ஆன் பண்ணியிருந்தா, ஆள் பார்க்கறதுக்கு முன்னாடியே படங்களை அதுவே இறக்கிடும். படம் இறங்கினாலே கணக்குல 'திறந்தாச்சு'ன்னு விழும். அந்த கிராஃபுக்குக் கை தட்டினாங்க. அண்ணன் பதிலை நான் படிச்சுக் காட்டினப்போ ஒருத்தர் சிரிச்சார். "சென்டிமென்ட்ப்பா"ன்னார்.

சென்டிமென்ட்தான் சார். 11 மாசம் நான் அவர் பட்டறைக்குப் போய் டீ குடிச்சிருக்கேன். அந்த கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவுல கத்திக் கத்திப் பேசியிருக்கேன். அது அவர் முதல் லோன்ல வாங்கின மெஷின்னு எனக்குத் தெரியும், உங்க சாஃப்ட்வேருக்குத் தெரியாது. இப்ப நான் போன் பண்ணா "மீட்டிங்ல இருக்கேன்"ங்கறார். பட்டறையில அவருக்கு என்ன மீட்டிங்?

டார்கெட் எனக்கும் இருக்கு, உங்களுக்கு மட்டும் இல்ல.

தீபாவளி மெயிலோட டிராஃப்ட் இன்னிக்குக் காலைல வந்துடுச்சு. ராக்கெட் படம், "சலுகை சரவெடி", அதே 15 நிமிஷம். கீழ என் பேர். என் பேரை எடுத்துடுங்கன்னு பதில் போட்டேன். "நோட்டட்"னு வந்திருக்கு. பேரை இன்னும் எடுக்கல.