“பார்க்கலாம்ப்பா” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

மே மாதம் வந்தால் சொந்தக்காரர் வீடுகளில் இதே பஞ்சாயத்துதான். நீட் எழுதிவிட்டு வந்து விடைக்குறிப்பை வைத்துக் கூட்டிப் பார்ப்பார்கள், அரசு சீட்டுக்கு எட்டாது என்று தெரிந்துவிடும். “இன்னொரு வருஷம் கோச்சிங் போ” என்பார் அப்பா. பிள்ளை மனதில் வேறு படிப்பு இருக்கும். இந்த முறை என் அக்கா வீட்டில். மகளுக்கு ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. படிக்க வேண்டும். நான் மதுரையில் வக்கீல். அந்த ஒரு காரணத்தாலேயே என் பேச்சு அங்கே எடுபடாது என்பதால் அத்தானிடம் வாயே திறக்கவில்லை. அவளிடம் மட்டும் பேசினேன்.

முதலில் சொன்னது: அப்பா பேசி முடிக்கிறவரை பதில் சொல்லாதே. முடித்ததும் அவர் சொன்னதை உன் வாயால் திருப்பிச் சொல், அவரே “ஆமா, அதான்” என்கிற வரை. அப்படிக் கேட்டபோதுதான் அத்தானின் கவலை டாக்டர் பட்டம் பற்றியதே இல்லை என்று தெரிந்தது. “சீனியர் ஆபீஸ்ல கட்டுத் தூக்கிட்டு எத்தனை வருஷம் சம்பளமில்லாம நிப்ப? சென்னையில வக்கீலுன்னா வீடு வாடகைக்குக்கூட விட மாட்டான். உனக்கு மாப்பிள்ளை யார் குடுப்பா?” மூன்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

இந்த மூன்றும் ஒன்றல்ல. நம் பிள்ளைகள் இடறுவது இங்கேதான். மாப்பிள்ளைப் பேச்சுக்குக் கோபப்பட்டு அதிலேயே சண்டையை முடித்துவிடுவார்கள், சம்பளக் கேள்வி பதிலில்லாமல் கிடக்கும். அப்பாவுக்கோ அதுதான் உண்மையான பயம்.

சம்பளத்துக்கு அவள் பூசி மெழுகாமல் பதில் சொன்னாள். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதை எடுத்துக் காட்டினாள். எல்லா அலுவலகத்திலும் அது கிடைப்பதில்லை என்பதையும் அவளே சொன்னாள். (சொல்லச் சொன்னது நான்தான். இல்லையென்றால் அத்தான் கோர்ட் வாசலில் நாலு பேரிடம் விசாரித்துவிட்டு வந்து மொத்தத்தையும் உடைத்துவிடுவார்.) முதல் சில வருஷம் கஷ்டம்தான், அப்போது வீட்டோடு இருந்து மதுரையிலேயே பிராக்டிஸ் பண்ணுகிறேன் என்றாள். வாடகை வீட்டுப் பிரச்சினையும் அதோடு போயிற்று.

இன்னொன்று சொல்லியிருப்பாள், நான்தான் தடுத்தேன். “முடிச்ச உடனே ஜட்ஜ் பரீட்சை எழுதிடுவேன்ப்பா.” சிவில் நீதிபதி பதவிக்கு மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் மறுபடியும் கட்டாயமாக்கிவிட்டது. அப்பாவைச் சமாதானப்படுத்த ஆகாத வாக்குறுதியைக் கொடுத்தால், அது ஆறு வருஷம் கழித்து நம் தலையில்தான் வந்து விழும்.

அத்தான் லேசுப்பட்டவர் இல்லை. நடுவழி ஒன்று வைத்திருந்தார். “முதல்ல ஒரு பி.எஸ்சி. முடி. அப்பவும் ஆசை இருந்தா சட்டம் படி.” கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று வருஷம் டிகிரி, அதற்குப் பிறகு மூன்று வருஷம் எல்.எல்.பி., ஆக ஆறு. நேரே போனால் ஐந்து. அவள் அதைத் தாளில் எழுதிக் காட்டினாள், வாதாடவில்லை.

கடைசியில் வந்தது “எனக்காக ஒரே ஒரு தடவை நீட் எழுதேன்.” பல பிள்ளைகள் விழுவது இந்த இடத்தில். மனசு கேட்காமல் “பார்க்கலாம்ப்பா” என்பார்கள். நம் வீடுகளில் “பார்க்கலாம்” என்றால் சரி என்றுதான் கணக்கு. மறுநாள் காலை கோச்சிங் சென்டரில் முன்பணம் கட்டியிருப்பார்கள், அப்புறம் அந்தப் பணத்துக்காகவே ஒரு வருஷம் போகும். அவள் சொன்னது இது: “நீங்க பயப்படுறது புரியுதுப்பா. இன்னொரு வருஷம் நீட்டுக்கு நான் படிக்க மாட்டேன். எந்தக் காலேஜ், ஹாஸ்டலா வீடான்னு நீங்க சொல்லுங்க, கேக்குறேன்.” மாப்பிள்ளைக் கேள்விக்கு அவள் பதிலே சொல்லவில்லை. அத்தானும் மறுபடி கேட்கவில்லை.

அவள் சத்தம் போடவில்லை, சாப்பிடாமல் கிடக்கவும் இல்லை. அத்தான் மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே கேள்வியைக் கேட்டார். அவள் புதுக் காரணம் எதுவும் தேடாமல் அதே மூன்று வாக்கியத்தைச் சொன்னாள். புதிதாக ஒரு காரணம் சொன்னால் அதை உடைக்கப் புதிதாக ஒரு வாதம் கிளம்பும்.

அரசு சட்டக் கல்லூரிகளில் இந்தப் படிப்புக்கு +2 மதிப்பெண்தான் கணக்கு, தனி நுழைவுத்தேர்வு கிடையாது. கடைசித் தேதிக்கு முன்பே விண்ணப்பம் போட்டாயிற்று. அத்தானுக்கு இன்னும் சம்மதமில்லை, கேட்டவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டும் இருக்கிறார். கட்டணத்தைக் கட்டியது அவர்தான்.