எல்லா இடத்திலும் 'அல்ல' போடலாமா?

"'இல்லை' வெறும் பேச்சுத் தமிழ். எழுதும்போது எங்கேயும் 'அல்ல' என்றே போடுங்கள்." சுங்கை சிப்புட் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி.

தவறு. இரண்டும் எழுத்துத் தமிழ்தான், வேலைதான் வேறு. தோட்டத்து ஆபீஸ் வாசலில் "இன்று கிராணி அல்ல" என்று எழுதி ஒட்டினால் படிப்பவர் "யார் கிராணி அல்ல?" என்று விழிப்பார். ஆள் வரவில்லை என்றால் "கிராணி இல்லை". வந்து நிற்பவர் வேறு ஆள் என்றால் "இவர் கிராணி அல்ல, மண்டோர்".

சந்தேகம் வந்தால் வாக்கியத்தை நேராக்கிப் பாருங்கள். "கிராணி இருக்கிறார்" என்பதில் 'இருக்கிறார்' வருகிறது, அதை மறுப்பது 'இல்லை'. "இவர் மண்டோர்" என்பதில் வினையே கிடையாது, அங்கே 'அல்ல'. மலாயில் 'தியாடா', 'புக்கான்' என்று பிரித்துப் பேசுகிறோமே, கிட்டத்தட்ட அதே பிரிவு.

பேச்சில் "இது பால்மரம் இல்ல, செம்பனை" என்பது சகஜம், அதில் குற்றமில்லை. அப்புறம், சுத்தத் தமிழ்தான் வேண்டும் என்பவர்களுக்கு 'அல்ல'வும் போதாது. பழைய இலக்கணப்படி அது அஃறிணைப் பன்மைக்கு மட்டும்: இது பால்மரம் அன்று, இவை பால்மரங்கள் அல்ல, இவர் கிராணி அல்லர். இன்றைய எழுத்தில் மூன்றுக்கும் 'அல்ல' செல்லும்.