கலெக்டருக்குக் காமாலை தெரியவேண்டுமா?

2024 ஆகஸ்டில் மத்திய அரசு 45 பதவிகளுக்கு வெளியிலிருந்து ஆட்களை நேரடியாக எடுப்பதாக விளம்பரம் செய்து, மூன்றே நாளில் திரும்பப் பெற்றது நினைவிருக்கும். இடஒதுக்கீடு இல்லையே என்ற நியாயமான கேள்வியில் அது நின்றது. கூடவே 'ஐ.ஏ.எஸ்ஸா, நிபுணரா' என்ற பழைய சண்டையும் கிளம்பியது. பிரிட்டனில் அரசுப் பணியை ஆராய்ந்த ஃபுல்டன் குழு 1968-லேயே இதைப் பேசிவிட்டது. ஆனால் எப்போது பேசினாலும் பேச்சு தலைமைச் செயலக நாற்காலிகளைப் பற்றித்தான். மாவட்டத்தில் என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் சுவாரசியம்.

ஒரு நகரத்தில் மஞ்சள் காமாலை பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே வாரத்தில் ஒரே வார்டில் முப்பது பேர். ஆட்சியர் அலுவலகத்துக்குச் செய்தி போகிறது, டி.வி. கேமரா வருகிறது. மறுநாள் காலை தெருவெல்லாம் வெள்ளை வெளேரென்று பிளீச்சிங் பவுடர். படம் நன்றாக வரும். குழாய்க்குள் போகும் கழிவுநீரை அது எதுவும் செய்யாது.

நகர்நல அலுவலர் பொதுச் சுகாதாரம் படித்தவராக இருந்தால் அவர் கேட்கும் முதல் கேள்வியே வேறு: "ஒரு மாதத்துக்கு முன்னால் இந்தத் தெருவில் யார் பள்ளம் தோண்டினார்கள்?" தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் இ கிருமி உடம்புக்குள் போய் நோய் வெளியே தெரிய இரண்டு முதல் பத்து வாரம் ஆகலாம். இன்று கண் மஞ்சளானவர் கெட்ட தண்ணீரைக் குடித்தது போன மாதம். இன்றைய தண்ணீரைப் பிடித்துச் சோதித்து 'நன்றாக இருக்கிறது' என்று அறிக்கை எழுதினால் அது பொய்யில்லை, ஆனால் பயனும் இல்லை.

சோதனையை எங்கே எடுப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. மேல்நிலைத் தொட்டியடியில் குளோரின் எப்போதும் இருக்கும். கடைசித் தெருவின் கடைசிக் குழாயில், தண்ணீர் விட்டவுடன் வரும் முதல் குடத்தில் பார்க்க வேண்டும். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊர்களில் மீதி நேரம் குழாய் காலியாகக் கிடக்கிறது. விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடையை அது உறிஞ்சிக்கொள்ளும். அந்த முதல் குடத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின்கூட இல்லையென்றால், அந்தப் பாதையில்தான் எங்கோ ஓட்டை என்று சந்தேகப்படலாம்.

சரி, ஓட்டை இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. இங்கேதான் நிபுணர் மாட்டிக்கொள்கிறார். குழாய் மாநகராட்சிப் பொறியாளருடையது. அதன் மேலே போகும் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. தோண்ட அனுமதி வேண்டும். லாரித் தண்ணீருக்கு வேறொருவர் கையெழுத்து. தனியார் மருத்துவமனைகள் நோயாளிக் கணக்கைத் தர யோசிக்கும். நகர்நல அலுவலர் கடிதம் எழுதுவார், கடிதம் மேசையில் கிடக்கும். ஆட்சியர் இத்தனை பேரையும் மாலை நாலு மணிக்கு ஒரே அறையில் உட்காரவைத்தால், ராத்திரியே சாலை வெட்டப்படும். ஆட்சியரிடம் இருப்பது காமாலை பற்றிய அறிவில்லை, யார் யாரைக் கூப்பிட்டால் வேலை நடக்கும் என்ற அறிவு. அதைக் குறைத்துப் பேசுபவர்கள் அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பை நகர்த்திப் பார்த்ததில்லை என்பேன்.

குழாயைச் சரிசெய்த பிறகுதான் பெரிய சோதனை. மூன்றாவது வாரத்திலும் புது நோயாளிகள் வருவார்கள். ஏற்கெனவே அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் இன்னும் வரிசையில் இருக்கிறார்களே! விவரம் தெரியாத ஆட்சியர் 'வேலை ஒழுங்காக நடக்கவில்லை' என்று யாரையாவது சஸ்பெண்ட் செய்வார். அந்த நேரத்தில் எழுந்து, "இல்லை சார், இன்னும் சில வாரத்துக்கு இப்படித்தான் வரும். அதுவரை அந்த வார்டின் கர்ப்பிணிகளைத் தினமும் பார்க்கவேண்டும், அவர்களுக்குத்தான் இது உயிருக்கே ஆபத்து" என்று சொல்ல ஒருவர் வேண்டும். சொன்னால் வேலை போகாது என்ற தைரியமும் அவருக்கு வேண்டும்.

அந்த தைரியம் எங்கிருந்து வரும்? இந்த விஷயத்தில் தமிழ்நாடு மற்ற பல மாநிலங்களைவிட முன்னால் இருக்கிறது. 1922 முதலே இங்கே பொதுச் சுகாதாரத்துக்குத் தனித் துறை. 1939-இல் அதற்கென்றே ஒரு சட்டமும் வந்துவிட்டது. மாவட்டச் சுகாதாரப் பொறுப்புக்கு வரும் மருத்துவர் பொதுச் சுகாதாரத்தில் தனிப் படிப்பும் முடித்திருக்க வேண்டும். அவருக்கு மேலே போக அந்தத் துறைக்குள்ளேயே ஏணி இருக்கிறது, இயக்குநர் பதவிவரை. ஆகவே ஆட்சியரின் முகம் கோணினாலும் அவர் எழுந்து பேச முடிகிறது. நகரமைப்பு, வடிகால் மாதிரி துறைகளில் இருப்பவர்களுக்கு இந்த அளவு பலம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே ஆட்சியர் நாற்காலியில் மருத்துவரையோ பொறியாளரையோ உட்காரவைக்கச் சொல்லும் கட்சியில் நான் இல்லை. எனக்கு வேண்டியது, அந்த நாலு மணிக் கூட்டத்தின் குறிப்பில் நகர்நல அலுவலர் சொன்னது அவர் வார்த்தையிலேயே பதிவாக வேண்டும், ஆட்சியர் அதை ஏற்காவிட்டால் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். கொஞ்ச நாளில் ஆட்சியர் மாற்றலாகிப் போய்விடுவார். அடுத்து வருபவர் திறக்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.