அண்ணே, ஓய்வு வாழ்த்துகள்! அந்த ரகசியக் கணக்கைப் பற்றி நான்கு வார்த்தை

இன்றோடு வசனப் பேப்பரை மூடிவைக்கும் எங்கள் மூத்த வசனகர்த்தாவுக்கு ஆளுக்கொரு வாழ்த்து சொல்கிறோம். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் போடவில்லை. அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு யாரென்று தெரியும். பாராட்டை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றை மட்டும், இப்போது எழுத வருகிறவர்களுக்குப் பயன்படுமே என்று, விரிவாக எழுதிவைக்கிறேன்.

தினமும் வரும் தொடரை ஓட்டுவது சம்பவம் அல்ல, 'யாருக்கு எது தெரியும்' என்பதுதான். இதுதான் அண்ணனின் அடிப்படைப் பாடம்.

மர்மதேசத்தின் 'விடாது கருப்பு' நினைவிருக்கும். அதில் மர்மத்துக்குப் பின்னால் இருப்பது யாரென்று நமக்கும் தெரியாது, பாத்திரங்களுக்கும் தெரியாது. வாரம் ஒருமுறை வந்த தொடர் என்பதால் அது தாங்கியது. அதே புதிரைத் தினமும் போட்டால் இரண்டே மாதத்தில் 'யாரென்று சொல்லித் தொலையுங்களேன்' என்று ஜனம் சலித்துவிடும். 2002-ல் தொடங்கிய 'மெட்டி ஒலி' வேறு வழியில் போனது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம். மகள் புகுந்த வீட்டில் படும் பாடு நமக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. 'ஐயோ, அந்த மனுஷனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்' என்றுதான் ஊரே உட்கார்ந்து பார்த்தது. பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது குறையில்லை. நெடுந்தொடருக்கு அதுதான் பெட்ரோல்.

இதை வைத்து எப்படி எழுதுவது? தொடருக்குள் சில வாரம் ஓடும் கதைப் பகுதியைத்தான் ட்ராக் என்போம். ஒரு கற்பனை ட்ராக்கை எடுத்துக்கொள்வோம். இளைய மகளின் கல்யாணத்துக்காக அப்பா வீட்டை அடமானம் வைத்துவிட்டார். வீட்டில் யாருக்கும் தெரியாது.

புதிதாக எழுத வருகிறவர் என்ன செய்வார்? கடன் கொடுத்தவரை நேராக ஹாலுக்குக் கொண்டுவருவார். ஏழு பேரும் ஒரே நேரத்தில் தெரிந்துகொள்வார்கள், ஏழு பேருக்கும் ஒரு குளோசப், ஏழு அழுகை. அந்த வாரம் நன்றாக ஓடும். அடுத்த வாரம் கையில் ஒன்றும் இருக்காது, உடனே யாருக்காவது விபத்து வைப்பார்.

அண்ணன் முதலில் ஒரு கட்டம் போடச் சொல்வார். இடப்பக்கம் பாத்திரங்களின் பெயர்கள். எதிரே மூன்று பத்தி: தெரியாது, தெரியும், தப்பாகத் தெரியும். அந்த மூன்றாவது பத்தியில்தான் பிழைப்பே இருக்கிறது.

இப்போது வரிசை. முதலில் தெரிய வேண்டியது யாருக்கு? தெரிந்தாலும் வாயைத் திறக்க முடியாதவருக்கு, அதாவது மருமகளுக்கு. பீரோவைத் துடைக்கும்போது வட்டி கட்டிய ரசீது கிடைக்கிறது. மாமனார் மானம் போகக் கூடாதென்று புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அப்பா மறைப்பது ஒன்று, மருமகள் மறைப்பது ஒன்று என்று ட்ராக் அங்கேயே இரண்டாகிவிட்டது. அடுத்து, ஒரு மாத வட்டிக்காக அவள் தன் வளையலை விற்கிறாள். மாமியார் அதைக் கவனித்துவிடுகிறார். 'பிறந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்' என்று முடிவு கட்டுகிறார். கட்டத்தில் மாமியார் பெயருக்கு நேரே 'தப்பாகத் தெரியும்'. அவர் மூலமாக மகனுக்கும் தப்பாகவே போய்ச் சேர்கிறது. புருஷன் பெண்டாட்டி பேச்சு நின்றுபோகிறது. உண்மையை முழுசாகக் கண்டுபிடிப்பவர் மூத்த மாப்பிள்ளை. அவர் அதை வைத்துச் சொத்தில் பங்கு கேட்கக் கிளம்புகிறார். மருமகளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்பது அப்பாவுக்குக் கடைசியில்தான் தெரிய வேண்டும். அந்த சீனுக்காகத்தான் இத்தனையும்.

ஒருவருக்குத் தெரியவர, தெரிவதற்கு முந்தைய பதைப்பு, தெரியும் நிமிடம், அதன் பின்விளைவு என்று சுமாராக மூன்று எபிசோட் பிடிக்கும். ஏழு பேருக்கு இருபத்தொன்று. திங்கள் முதல் சனி வரை ஒளிபரப்பு என்றால் மூன்றரை வாரம். விபத்து, கடத்தல், இரட்டை வேடம் எதுவும் தேவைப்படவில்லை. ஓர் அடமானப் பத்திரம் போதும்.

எங்கே சறுக்கும்? முதல் இடம் ஷூட்டிங். நாம் எழுதும் வரிசையில் எடுக்க மாட்டார்கள். ஹால் சீன்களையெல்லாம் சேர்த்து ஒரே நாளில், அன்று கால்ஷீட் உள்ள ஆர்ட்டிஸ்ட்டை வைத்து எடுப்பார்கள். மாமியாராக நடிப்பவர் காலையில் 218-ம் எபிசோடிலும் மதியம் 212-லும் நடிப்பார். காலையில் அழுத முகத்தின் மிச்சம் மதியமும் இருக்கும். வசனத்தில் தப்பே இருக்காது, ஆனால் பார்க்கிறவருக்கு 'இந்தம்மாவுக்கு எல்லாம் தெரியும் போலிருக்கே' என்று தோன்றிவிடும். அதனால்தான் ஒவ்வொரு சீன் பேப்பரின் தலையிலும், இடம், நேரம் எழுதியதற்குக் கீழே, 'இதில் அம்மாவுக்கு உண்மை தெரியாது' என்று அண்ணன் ஒரு வரி போடுவார். உதவி இயக்குநர்களுக்கு அது சாமி மாதிரி.

இரண்டாவது இடம் போன். 'ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே' என்று பார்ப்பவர் கேட்டுவிட்டால் ட்ராக் செத்தது. சார்ஜ் இல்லை, டவர் இல்லை என்பதெல்லாம் ஒருமுறைக்கு மேல் செல்லாது. மருமகள் சொல்லாததற்குக் காரணம் அவள் குணத்திலேயே இருக்க வேண்டும். கதவோரம் நின்று ஒட்டுக்கேட்பதும் அப்படித்தான், ஒரு ட்ராக்குக்கு ஒருமுறை. (அதற்குமேல் போனால் அந்த வீட்டில் யாரும் கதவைச் சாத்துவதே இல்லையா என்று கமெண்ட் வரும். நியாயம்தானே?)

இழுவை என்று எப்போது தெரிந்துகொள்வது? எபிசோட் எண்ணிக்கையை வைத்து அல்ல. ரகசியம் காப்பாற்றப்பட ஒருவர் முட்டாளாக நடந்துகொள்ள வேண்டியிருக்கிறதா? அந்த இடத்திலேயே உடைத்துவிட வேண்டும். டிஆர்பி நன்றாக இருந்தாலும்.

மூன்றாவது சறுக்கல் நம் கையில் இல்லாதது. மாப்பிள்ளையாக நடிப்பவருக்குப் பட வாய்ப்பு வந்து பத்து நாள் கால்ஷீட் இல்லை என்றால்? இதற்காகவே ஒவ்வொரு உடைப்புக்கும் இரண்டு பேரைத் தயாராக வைக்கச் சொல்வார். மாப்பிள்ளை கண்டுபிடிக்கலாம், முடியாவிட்டால் அவருடைய அம்மா கண்டுபிடிக்கலாம். இருவருக்கும் ஆளுக்கொரு சந்தேக சீனை முன்பே போட்டுவைத்தால் எந்தப் பக்கமும் திரும்பலாம். சில இழப்புகளுக்கு இதுவும் போதாது. 2023 செப்டம்பரில் நடிகர் மாரிமுத்து திடீரென மறைந்தபோது 'எதிர்நீச்சல்' தொடர், அவர் நடித்த ஆதி குணசேகரன் இல்லாமல் தவித்து நின்றது. பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்தில் வந்தார். 'இவருக்குப் பதில் இவர்' என்று கார்டு போடுவது எளிது. ஒரு குரலுக்கும் உடல்மொழிக்குமாக வளர்ந்துவிட்ட வசனத்தை இன்னொருவர் வாய்க்கு மாற்றுவது அப்படியல்ல. புதியவருக்குப் பழையவரின் பிரபலமான வார்த்தையை முதல் நாளே கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. ஒப்பிட்டே கொன்றுவிடுவார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் ப்ரோமோவுக்காகவே சீன் கேட்கிறார்கள். மருமகள் மாமியாரை அறைவது போல ப்ரோமோ வரும், எபிசோடில் பார்த்தால் அது கனவு. அன்றைக்கு ரேட்டிங் கிடைக்கலாம். ஆனால் அடுத்த முறை அவள் நிஜமாகவே அறையும்போது, இதுவும் கனவுதானே என்று ரிமோட்டை எடுப்பார்கள். அண்ணனிடம் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! 'அறையணும்னா அறையட்டும், அதுக்கப்புறம் என்ன ஆகுதுன்னு நான் எழுதுறேன்' என்பாராம்.

ஒரு கனவு சீன்கூட எழுதாமல் ஓய்வு பெறுகிறீர்கள் அண்ணே. உங்கள் கட்டம் போட்ட நோட்டுகளை மட்டும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள், நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம்.