25 இல் எடுத்த கூத்தை 60 இல் கேட்காதீர்கள்

கூத்து அரங்கேற்றங்களையும் கோயில் சடங்குகளையும் படம்பிடித்துத் தொகுத்துக் கொடுப்பவர்களிடம் இந்த மட்டக்களப்பில் ஓயாமல் வைக்கப்படும் கோரிக்கை ஒன்று உண்டு: "தம்பி, 4கே 60ல போட்டுத் தாங்க, அப்பதான் கிளியரா இருக்கும்." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. கமெரா பதிவுசெய்தது 1080பி, செக்கனுக்கு 25 ஃப்ரேம் என்றிருக்க, இல்லாத 35 ஃப்ரேமை நான் எங்கிருந்து கொண்டுவருவேன்?

25 இல் எடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், 25 ஃப்ரேமும் 1/50 ஷட்டரும் வைத்தால் கூத்துக் களரியைச் சுற்றிக் கட்டிய குழல் விளக்குகள் படத்தில் துடிக்காமல் இருக்கும். அப்படி எடுத்ததை எக்ஸ்போர்ட் செய்யும்போது 60 என்று மாற்றினால், 60ஐ 25 ஆல் மீதியின்றி வகுக்க முடியாததால், மென்பொருள் சில ஃப்ரேம்களை இருமுறையும் சிலவற்றை மும்முறையும் காட்டும். வடமோடி அரசன் கரப்புடுப்போடு சுழன்று வரும் இடத்தை நிதானமாகப் பாருங்கள். சுழற்சி ஓடி நின்று, ஓடி நின்று தத்தும். அதை மறைக்க ஃப்ரேம்களைக் கலந்தால் வாளுக்குப் பின்னால் இன்னொரு மங்கிய வாள் தெரியும். ஆடியவரின் உழைப்பைக் கெடுத்துவிட்டு அதைத் தெளிவு என்று சொல்வதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். கோப்பின் அளவைத் தீர்மானிப்பது பிட்ரேட்டும் நேரமும் மட்டுமே. பிட்ரேட்டை, அதாவது செக்கனுக்கு எத்தனை மெகாபிட் என்பதைச் செக்கன்களால் பெருக்கி 8 ஆல் வகுத்தால் மெகாபைட் வந்துவிடும். 40 நிமிடக் கூத்தை 4கே 60 என்று 60 மெகாபிட்டில் எக்ஸ்போர்ட் செய்தால் 18 ஜிபி ஆகிறது. ஏற்றும் வேகம் செக்கனுக்கு 5 மெகாபிட் என்று இருக்கும் வீட்டில், இணைப்பு ஒருமுறைகூட அறாமல் இருந்தாலும், அது 8 மணித்தியாலம் ஏறும். அதே கூத்து 1080பி, 25 ஃப்ரேம், 8 மெகாபிட் என்றால் 2.4 ஜிபி, ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஏறிவிடும். 1080பி சாதாரண ஃப்ரேம் வேகத்துக்கு யூடியூப் பரிந்துரைப்பதும் இந்த 8 மெகாபிட்தான். எவ்வளவு பெரிய கோப்பை நீங்கள் கொடுத்தாலும் யூடியூப் அதை அப்படியே காட்டப்போவதில்லை, தானே மீண்டும் சுருக்கித்தான் காட்டும் என்பதை இன்னும் எத்தனை பேருக்கு விளக்குவது?

கோப்பு சிறிதாக வேண்டுமென்று 3 மெகாபிட்டுக்கு இறக்குவோரும் என்னை இதே அளவு கோபப்படுத்துகிறார்கள். இரவுக் களரியின் இருட்டில் கமெரா பதியும் புள்ளி இரைச்சல் ஒவ்வொரு ஃப்ரேமிலும் மாறுவதால், அதைக் காப்பாற்றவே பிட்டுகள் செலவாகிப்போகின்றன. மிச்சம் போதாமல் உடுப்பில் மின்னும் வேலைப்பாடு கரைந்து, கரிய பின்னணி சதுரம் சதுரமாக உடைகிறது. அதை யூடியூப் இரண்டாவது தடவையும் சுருக்குகிறது. எக்ஸ்போர்ட்டுக்கு முன் இரைச்சலைச் சற்றே குறைத்துவிட்டு, ஆட்டம் உச்சத்தில் இருக்கும் 20 செக்கனை மட்டும் தனியே எக்ஸ்போர்ட் செய்து பெரிய திரையில் பார்த்தால், எடுத்த பிட்ரேட் போதுமா என்பது உடனே தெரியும். பாட்டுப் படிக்கும்போது அண்ணாவியார் அசையாமல் நிற்கும் இடத்தைச் சோதித்துப் பயனில்லை; அது எந்தப் பிட்ரேட்டிலும் அழகாகத்தான் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் 1080பி வீடியோ யூடியூபில் மங்கலாகத் தெரிந்தால், அதற்கு உண்மையில் உதவும் வழி ஒன்று உண்டு. சிறிய சனல்களின் 1080பி வீடியோக்களுக்கு யூடியூப் பெரும்பாலும் ஏவிசி என்ற பழைய சுருக்க முறையையே கொடுக்கிறது. 1440பியாக ஏற்றினால் விபி9 என்ற புதிய முறை கிடைப்பது வழக்கம், அது அசைவையும் இருட்டையும் நன்றாகத் தாங்குகிறது. கணினியில் வீடியோவின் மீது மவுஸின் வலது பொத்தானை அழுத்தி Stats for nerds என்பதைத் திறந்து, Codecs வரியில் avc1 இருக்கிறதா vp09 இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஆகவே 1080பியை 1440பிக்குப் பெரிதாக்கி, 25 ஃப்ரேமை அப்படியே வைத்து, 16 மெகாபிட்டில் எக்ஸ்போர்ட் செய்கிறேன். 40 நிமிடத்துக்கு 4.8 ஜிபி, அதே இணைப்பில் 2 மணித்தியாலத்துக்குச் சற்று மேல். பெரிதாக்குவதால் புதிய நுணுக்கம் எதுவும் பிறக்காது. இருப்பது சிதையாமல் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

இத்தனையும் செய்து ஏற்றி முடித்த கையோடு தொலைபேசி அலறும்: "என்ன தம்பி, எல்லாம் கலங்கிக் கிடக்கு?" யூடியூப் முதலில் குறைந்த தரத்தைத்தான் தயாரிக்கிறது, உயர்ந்த தரங்கள் பின்னர்தான் வரும், நீண்ட வீடியோ என்றால் அதற்கு இன்னும் நேரம் எடுக்கும். அதனால் வீடியோவை முதலில் பிரைவேட்டாகவே ஏற்றி, தரப் பட்டியலில் 1440பி தோன்றிய பிறகுதான் வெளியிடுகிறேன். அதுவரை இணைப்பைக் கேட்டு என்னை நெருக்காதீர்கள், கொடுக்க மாட்டேன்.