மருதத்தின் பூ என்ன நிறம்?

ஐந்திணைகளை விளக்கும் படங்கள் இணையத்தில் நிறையச் சுற்றுகின்றன. குறிஞ்சிக்கு நீலக்குறிஞ்சி, முல்லைக்கு வெள்ளை முல்லைக்கொடி, நெய்தலுக்கு நீல ஆம்பல் மாதிரியான நீர்ப்பூ. இவற்றில் பெரிய குழப்பமில்லை. பாலைக்குத் தொல்காப்பியர் தனி நிலமே சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வளம் இழந்தால் பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

எனக்கு உறுத்துவது மருதம். பெரும்பாலும் நீர்மருதின் படத்தைப் போடுகிறார்கள். ஆற்றங்கரைகளில் வெளுத்த வழவழப்பான பட்டையோடு ஓங்கி நிற்குமே, அந்த மரம். காயில் ஐந்து இறக்கைகள் இருக்கும். பூவோ மிகச் சின்னது, வெளிர் மஞ்சள். கதிர் கதிராகப் பூக்கும். உதிர்ந்து கிடந்தால் தூசி போலத்தான் தெரியும்.

இப்போது குறுந்தொகை 50-ஆம் பாட்டுக்கு வாருங்கள். குன்றியனார் பாடியது.

"ஐயவி யன்ன சிறுவீ ஞாழல்
செவ்வீ மருதின் செம்மலொடு தாஅய்த்
துறையணிந் தன்றவர் ஊரே"

வெண்கடுகு போன்ற சின்னஞ்சிறு ஞாழல் பூக்கள், மருதின் உதிர்ந்த செம்பூக்களோடு பரவிக் கிடந்து தலைவன் ஊர்த் துறைக்கு அழகு செய்கின்றன. அடுத்த வரிகளில் தலைவி தன்னைச் சொல்கிறாள்: வளை கழலும்படி மெலிந்து, அவன் தழுவிய என் தோள் தனிமையை அணிந்துகொண்டது. அவன் துறை பூவை அணிய, இவள் தோள் தனிமையை அணிகிறது. பாட்டின் வலி முழுதும் இந்த இரண்டு 'அணிந்தன்று'களுக்கு நடுவில் இருக்கிறது. பூவில் நிறமே இல்லாவிட்டால் துறை எதை அணிவது?

அதனால் இந்தப் பாட்டின் மருது பூமருது என்றே நினைக்கிறேன். கோடையில் கொத்துக் கொத்தாக இளஞ்சிவப்பும் ஊதாவுமாகப் பூக்கும். ஒவ்வொரு பூவுக்கும் கசங்கிய பட்டுத்துணி போல் ஆறு இதழ்கள். உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிற அளவுக்குப் பெரிய பூ. கடுகு மாதிரியான ஞாழலுக்குப் பக்கத்தில் இது கிடந்தால்தான் 'சிறுவீ' என்ற சொல்லுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஓடைக்கரை, ஆற்றோரம் இதற்கும் பிடித்த இடம்தான்.

நீர்மருது தவறு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சமவெளி ஆற்றங்கரையில் அதிகம் நிற்பது அதுதான், இரண்டையுமே மருது என்று அழைத்திருக்கலாம். ஆனால் செவ்வீ மருது வருகிற பாட்டைப் பாடப்புத்தகத்தில் போட்டுவிட்டுப் பக்கத்தில் நீர்மருதின் படத்தை வைப்பது சரியில்லை. படிக்கிற பிள்ளை அந்தத் துறையைப் பார்க்கவே முடியாது. இந்தப் பாட்டுக்காவது பூமருதின் படத்தைப் போடுங்கள். இரண்டு மரத்தையும் அருகருகே காட்டி, எது பாட்டோடு பொருந்துகிறது என்று பிள்ளைகளையே கேட்டால் இன்னும் நல்லது.